ஸ்டாண்ட்பை கடைசியா எப்ப ஓடுச்சுங்கண்ணா?

"எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்குதுங்க. இப்போதைக்கு ஒண்ணும் வேணாமுங்க."

கோவைப் பக்கம் பட்டறைகளுக்குக் கம்ப்ரஸர் விற்கப் போகிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்கிற பேச்சு இது. நான் 22 வருடமாகக் கேட்டு வருகிறேன். குறிச்சி, கணபதி, பீளமேடு, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் முதலாளி நாற்காலியைக் காட்டுவார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார், அடுத்து இதைச் சொல்வார். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் அந்த இடத்தில் கேட்லாக்கை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு நான்கைந்து பேர் அவரிடம் ஏதாவது விற்க வருகிறார்கள். தேவை இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் பேரம் பேசுகிற பலம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான நேரம் அவர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் என் அனுபவம். அவர் மனதறிந்து உண்மையைத்தான் சொல்கிறார். பட்டறையில் ஒரு குறை வந்தால் அங்கே இருக்கிற ஃபிட்டரோ சூப்பர்வைசரோ அதற்கு ஒரு வழி பண்ணிவிடுகிறார்கள். ஆறு மாதம் போனால் அந்த வழியே வழக்கமாகிவிடுகிறது. பிறகு அது முதலாளி கண்ணுக்குக் குறையாகவே தெரிவதில்லை. அதனால் "உங்களுக்கு என்ன பிரச்சினைங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்று வருகிறது. கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்கிறார். கேள்விதான் தப்பு.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் வேறொரு தப்பைச் செய்தேன். ஒரு நூல் மில்லில் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "காத்துல கொஞ்சம் தண்ணி வருதுங்க" என்று போகிற போக்கில் சொன்னார். நான் உடனே பிடித்துக்கொண்டேன். "அதுக்கு எங்ககிட்ட டிரையர் இருக்குதுங்க சார்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் விளக்கினேன். அவர் சிரித்த முகத்தோடு "கொட்டேஷன் அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அந்தக் கொட்டேஷனைக் காட்டி, ஏற்கெனவே சப்ளை செய்துகொண்டிருந்தவரிடம் விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் எந்த மெஷினில் வருகிறது, அதனால் எது கெடுகிறது, யார் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. கால்மணி நேரத்துக்குள் "கொட்டேஷன் அனுப்புங்க" என்று யாராவது சொன்னால், அது மரியாதையாக வழியனுப்புகிற வார்த்தை என்று அதற்குப் பிறகு புரிந்துகொண்டேன்.

நீல் ராக்காம் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தன் குழுவோடு சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து 1988இல் 'ஸ்பின் செல்லிங்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். கேள்விகளை அவர் நான்கு வகையாகப் பிரிக்கிறார்: இருக்கிற நிலைமையைக் கேட்பது, குறையைக் கேட்பது, அந்தக் குறையால் என்னென்ன ஆகிறது என்று கேட்பது, அது தீர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. அவர் கண்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு. ஒன்று, நிலைமைக் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிற சந்திப்புகள் பெரும்பாலும் தோற்கின்றன. இன்னொன்று, பெரிய தொகை வியாபாரத்தில் ஜெயிக்கிறவர்கள் மூன்றாவது வகையை, அதாவது விளைவைக் கேட்கிற கேள்வியை, மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்கிறார்கள்.

முதல் விஷயம் எளிது. எத்தனை மெஷின், எத்தனை ஷிஃப்ட், யாருக்குச் சப்ளை என்பதையெல்லாம் முதலாளியிடம் கேட்டு அவர் பொறுமையைத் தீர்க்கக் கூடாது. பாதி விவரம் கேட்டிலேயே கிடைத்துவிடும். லோடு ஏறுகிற டப்பாக்களில் யார் பெயர் அச்சடித்திருக்கிறது, ஷிஃப்ட் நேரம் எழுதிய போர்டு, புது ஷெட்டுக்குக் கொட்டிக் கிடக்கிற ஜல்லி என்று எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. செக்யூரிட்டி அண்ணனிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

இரண்டாவது விஷயம் கடினமானது. குறையே தெரியாதவரிடம் விளைவை எப்படிக் கேட்பது? அதை நான் கற்றுக்கொண்ட ஒரு சந்திப்பை அப்படியே சொல்கிறேன்.

குறிச்சி சிட்கோ பேட்டையில் ஒரு சி.என்.சி. பட்டறை. எட்டு மெஷின், இரண்டு ஷிஃப்ட், வண்டிகளுக்கான வால்வு பாடிகள் செய்கிறார்கள். முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். லேத்தில் டர்னராக ஆரம்பித்துச் சொந்தமாகப் பட்டறை போட்டவர். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பையனையும் கூட்டிக்கொண்டு பதினொன்றரை மணிக்குப் போனேன். நேரத்தை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன், அதன் காரணம் பின்னால் வரும்.

"ரெண்டு கம்ப்ரஸர் வெச்சிருக்கறோம் தம்பி. 30 எச்.பி. ஸ்க்ரூ ஒண்ணு மெயின். பழைய 15 எச்.பி. பிஸ்டன் ஒண்ணு ஸ்டாண்ட்பை. நல்லா ஓடுது. நமக்கு ஒண்ணும் வேணாம்."

"சரிங்கண்ணா. ஸ்டாண்ட்பை கடைசியா எப்ப ஓடுச்சுங்க?"

"அதுவா? மத்தியானம் மட்டும் போடுவாங்க."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்ட்பை என்றால் மெயின் மெஷின் நின்றுபோனால் கைகொடுக்க வைத்திருப்பது. தினமும் மத்தியானம் ஓடுகிற மெஷின் ஸ்டாண்ட்பை ஆகாது. அவரிடம் இப்போது கைகாவலுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் அதைச் சொல்லியிருந்தால், அவர் பட்டறையைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்ததாக ஆகியிருக்கும்.

இந்தக் கேள்வி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். "ஸ்டாண்ட்பை நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டிருந்தால் "இருக்குது" என்பதோடு முடிந்திருக்கும். "கடைசியா எப்ப" என்று கேட்டால் அவர் ஒரு நாளை நினைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த நாளோடு சேர்ந்து நடந்ததும் வெளியே வரும். கடைசியாக மெஷின் எப்போது நின்றது, கடைசியாக பார்ட்டியிடமிருந்து ஃபோன் எதற்கு வந்தது, கடைசியாக ஞாயிற்றுக்கிழமை எதற்கு வேலை வைத்தீர்கள் என்று எந்தத் தொழிலிலும் இப்படிக் கேட்கலாம். நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் யாரும் பொதுப்படையாகப் பதில் சொல்ல முடியாது.

அடுத்து மெதுவாக நூல் பிடித்துப் போனேன். மத்தியானம் மட்டும் ஏன் என்றேன். "பிரஷர் இறங்கிருதுங்க. மெஷின் அலாரம் அடிக்குது." எப்போதிலிருந்து? "ரெண்டு மெஷின் புதுசா எடுத்தோமல்ல, தீபாவளிக்கு முன்னாடி, அப்ப இருந்துதான்." சி.என்.சி. மெஷினில் டூலைப் பிடிக்கவும் விடவும் காற்று வேண்டும். காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மெஷினே அலாரம் கொடுத்து நின்றுவிடும். மத்தியானம் என்ன கூடுதலாக ஓடுகிறது என்று கேட்டேன். பிசிறு எடுத்துக் கழுவுகிற பிரிவு மத்தியானம்தான் ஓடும், அங்கே ஏர் கன் வைத்து ஊதுவார்கள் என்றார். "அலாரம் அடிச்சப்ப யாரு என்ன பண்ணாங்க?" என்றேன். மெயின்டெனன்ஸ் பார்க்கிற ஆள்தான் ஸ்டாண்ட்பையைப் போட ஆரம்பித்தாராம். கம்ப்ரஸர் செட்டிங்கையும் 7 பாரிலிருந்து 8 ஆக்கி வைத்தாராம். "அவன் கெட்டிக்காரன், சரி பண்ணிட்டான்" என்றார் பெருமையாக.

உண்மையில் அவர் கெட்டிக்காரர்தான். அன்றைக்கு உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் ஒரு செலவு உண்டு. இந்த அழுத்தத்தில் ஒரு பார் கூட்டினால் கம்ப்ரஸர் எடுக்கிற கரண்ட் ஆறேழு சதவீதம் ஏறும். பைப்பில் ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் போகிற காற்றும் கூடும். யாராவது ஒருவர் தினமும் கையால் செய்கிற ஏற்பாடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள் என்றுதான் நான் எங்கள் பையன்களுக்குச் சொல்வேன். வாய்விட்டுச் சொல்லாத தேவை அநேகமாக அந்த இடத்தில்தான் இருக்கும்.

இப்போது விளைவுக் கேள்வி. இதைக் கேட்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்க்க வேண்டும். அவருடைய ஆட்கள் முன்னால் கேட்கக் கூடாது. மகனோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். குரலிலும் பயமுறுத்துகிற தொனி வரக் கூடாது. டீ வந்தது. கேட்டேன்.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகமுங்க. மெயின் மெஷின் ஒருநாள் நின்னுருச்சுன்னா அன்னைக்கு எப்படிச் சமாளிப்பீங்க?"

"ஸ்டாண்ட்பை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

நானும் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் விற்க வந்தவர்கள் பலர் அங்கே எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவார்கள். கூட வந்த பையனும் வாயைத் திறக்கப் போனான். மேஜைக்குக் கீழே அவன் முழங்காலைத் தொட்டேன். முதலாளி பேனாவை எடுத்து டெஸ்க் காலண்டர் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். மெஷினுக்கு மணிக்கு 450 ரூபாய், எட்டு மெஷின், 16 மணி நேரம். 57,600 ரூபாய். அதை அடிக்கோடிட்டுவிட்டு, "இது கூடப் போனாப் போகுதுங்க. செவ்வாய்க்கிழமை டிஸ்பாட்ச் தப்புனா டெபிட் நோட் போட்டுருவான் பார்ட்டி" என்றார். ஒருநாள் கூலிக் கணக்கைவிட பார்ட்டியிடம் பெயர் கெடுவதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் எத்தனை கேட்லாக் படித்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. அவர் எழுதிய கணக்கு அவருடையது, அதனால் அதை அவர் சந்தேகப்படவும் மாட்டார்.

அதற்குள் மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. "சாப்பாட்டு டைம்ல கம்ப்ரஸர் ரூமை ஒரு தடவை பாத்துக்கலாங்களாண்ணா?" என்றேன். இதற்காகத்தான் பதினொன்றரைக்குப் போனது. அந்தப் பட்டறையில் பன்னிரண்டரைக்கு எல்லா மெஷினும் நிற்கும். காற்று எங்கேயும் செலவாகாத நேரத்தில் கம்ப்ரஸர் லோடு ஏறக் கூடாது. ஏறினால் காற்று எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். மூன்று பேரும் அங்கே நின்றோம். லோடு எடுக்கும்போது சத்தம் கனத்து வரும், விடும்போது லேசாகிவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். 40 விநாடி லோடு, 80 விநாடி சும்மா. மறுபடி 40, மறுபடி 80. அதாவது யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோதும் மூன்றில் ஒரு பங்கு நேரம் அது காற்று செய்துகொண்டிருக்கிறது. அந்த மெஷின் நிமிடத்துக்கு 125 கன அடி, எங்கள் பேச்சில் 125 சி.எஃப்.எம்., காற்று தரக்கூடியது. அதில் சுமார் 42 வீணாகப் போகிறது. நன்றாகப் பராமரிக்கிற இடத்தில் இது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

"இந்த டைம்ல இது ஓடணுமாங்கண்ணா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சுவர் ஓரமாக நடந்து போய், கழுவுகிற பிரிவுக்குப் போகிற ஹோஸின் கப்ளிங்கில் கையை வைத்துப் பார்த்தார். உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் மெஷின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. 3 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், 20 சி.எஃப்.எம்.-க்கு மேல் விழுங்கும். அதைப் போல இரண்டு இருந்தாலே அவருடைய கணக்கு முடிந்தது.

இந்த லஞ்ச் நேரக் கணக்கை நான் உறுதியான அளவாக எடுத்துக்கொள்வதில்லை. சில மெஷின்கள் நிற்கும்போதும் ஸ்பிண்டிலுக்குக் கொஞ்சம் காற்று விட்டுக்கொண்டிருக்கும். அது கசிவு கிடையாது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் லீவு நாளில் மெஷின் வால்வுகளையெல்லாம் மூடிவிட்டு, ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி எண்ண வேண்டும். அதையும் அவரிடமே சொன்னேன். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னால்தான் அடுத்த கேள்விக்கு மனம் திறப்பார்கள்.

ஆபீசுக்குத் திரும்பி வந்ததும் கடைசி வகைக் கேள்வியைக் கேட்டேன். "மத்தியானம் ஸ்டாண்ட்பை ஓடாம இருந்தா உங்களுக்கு என்னங்கண்ணா மிச்சம்?" கால்குலேட்டரை எடுத்தார். 15 எச்.பி. என்றால் 11 கிலோவாட், தினம் ஐந்து மணி நேரம், மாதம் 25 நாள். 1,375 யூனிட். டிமாண்ட் சார்ஜ் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வரும் என்று அவரே வைத்துக்கொண்டார். மாதம் 11,000 ரூபாய். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, "அதைவிடுங்க, செவ்வாய்க்கிழமை நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

அன்று நான் கம்ப்ரஸர் பற்றிப் பேசவில்லை. பையனுக்கு அதில் வருத்தம்தான். வெளியே வந்ததும், "அண்ணா, 40 எச்.பி. ஒண்ணு சொல்லியிருந்தா இன்னைக்கே எடுத்திருப்பாருங்க" என்றான். எடுத்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து அந்தக் கப்ளிங்கில் கை வைத்துக் காட்டியிருந்தால், நாங்கள் அதற்குப் பிறகு அந்தப் பேட்டைக்குள்ளேயே போக முடியாது. தேவையைத் தேடிப் போகிறவர் தன் கையில் இருக்கிற சரக்கை முன்கூட்டியே தீர்வு என்று வைத்துக்கொண்டால், அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பக்கமே சாயும். கேட்கப்படுகிறவருக்கு அது கட்டாயம் தெரியும்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். அவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இதைப் பத்தி வேற யாருகிட்டப் பேசணுமுங்க?" என்பது ஒன்று. மெயின்டெனன்ஸ் ஆளையும் கணக்குப் பார்க்கிற தம்பியையும் சொன்னார். மெயின்டெனன்ஸ் ஆளை நான் தனியாகப் போய்ப் பார்த்து, அவர் செட்டிங் கூட்டியதால்தான் இத்தனை நாள் லைன் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் மனம் கோணினால் அந்தப் பட்டறையில் எந்த வேலையும் நடக்காது. "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பட்டறையைத் திறந்து விட முடியுங்களா?" என்பது இன்னொன்று. முதல் சந்திப்பின் முடிவில் ஆர்டர் கேட்பதைவிட இப்படி நாளும் நேரமும் குறித்த ஒரு சிறிய வேலையைக் கேட்பது நல்லது. அவர் சம்மதித்தால் விஷயம் அவர் மனதில் ஏறியிருக்கிறது. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றால், கேள்விகளில் எங்கேயோ தப்பு விட்டிருக்கிறோம்.

எல்லாச் சந்திப்பும் இப்படிப் போவதில்லை. சில பட்டறைகளில் உண்மையிலேயே தேவை இருக்காது. கடைசியாக எப்போது என்று மூன்று விதமாகக் கேட்டும் ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை, யாரும் கையால் எதையும் சமாளித்துக்கொண்டிருக்கவில்லை, லஞ்ச் நேரத்தில் கம்ப்ரஸர் சும்மா நிற்கிறது என்றால் நான் அதை வாய்விட்டே சொல்லிவிடுவேன்: "உங்களுக்கு இப்ப நான் தேவையில்லீங்கண்ணா." அதோடு, "அடுத்த மெஷின் எப்ப எடுக்கறதா இருக்கறீங்க?" என்று கேட்டு, அந்த மாதத்தை டைரியில் குறித்துக்கொள்வேன். புது மெஷின், புது பார்ட்டி, மூன்றாவது ஷிஃப்ட், பொறுப்புக்கு வருகிற மகன் என்று பட்டறையில் ஏதாவது மாறுகிற நேரத்தில்தான் பழைய ஏற்பாடு போதாமல் போகிறது.

குறிச்சிப் பட்டறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது இடத்தில் கசிவு கண்டோம். கப்ளிங்குகள், இரண்டு ஹோஸ், தண்ணீர் வடிகிற ஒரு டிரெய்ன் வால்வு, ஏர் கன்களுக்கு நாஸில். இரண்டு நாள் பைப் வேலை. எங்களுக்கு வந்த பில் மிகச் சிறியது. செட்டிங் மறுபடி 7 பாருக்கு இறங்கியது. மூன்று வாரம் கழித்து அவரே ஃபோன் செய்தார்.

"தம்பி, ஸ்டாண்ட்பை மேல தூசி படிஞ்சு கெடக்குதுங்க."

"சந்தோசமுங்கண்ணா. ஆனா வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஓட்டி வையுங்க. மெயின் நிக்கற அன்னைக்கு அது எந்திரிக்கோணுமில்லீங்களா?"

"சரிங்க. திங்கக்கிழமை காலைல ஓட்டச் சொல்லிர்றேன். செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாளு."